மின்னழுத்தமாக ஆடும் சுருள்வில்

சுருள்வில்லில் 1 கிலோ எடை தொங்குகிறது. வில்லின் விறைப்பு மீட்டருக்கு 100 நியூட்டன், தணிப்பு எண் 2. எடையை 5 செ.மீ. இழுத்து விட்டால் அது ஆடும் விதத்தை இந்தச் சமன்பாடு சொல்கிறது:

x″ + 2x′ + 100x = 0

அனலாக் கணினியில் இதற்குத் தீர்வு காண, இதே சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்ட மின்சுற்று ஒன்றைக் கட்டி, அதில் மின்னழுத்தம் ஆடுவதை அளக்கிறோம். 1 செ.மீ. என்பதை 1 வோல்ட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சிக்கல். வேகம் வினாடிக்குச் சுமார் 43 செ.மீ. வரை போகும். ±15 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப் 43 வோல்ட் தராது. அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அதனால் வேகத்தைப் பத்தால் வகுத்து y = x′/10 என்று எடுக்கிறோம். இப்போது ஒரே சமன்பாடு இரண்டாகப் பிரிகிறது:

y′ = −10x − 2y
x′ = 10y

ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் மின்தேக்கி வைத்தால் அது தொகையீட்டுச் சுற்று. உள்ளே வருவதைத் தொகையிட்டு, 1/RC ஆல் பெருக்கி, குறியையும் மாற்றித் தரும். 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியோடு 100 கிலோஓம் மின்தடை இருந்தால் பெருக்கம் 10. 500 கிலோஓம் என்றால் 2.

முதல் தொகையீட்டுச் சுற்றுக்கு x-ஐ 100 கிலோஓம் வழியாகவும் y-ஐ 500 கிலோஓம் வழியாகவும் கொடுங்கள். இரண்டு மின்னோட்டங்களும் உள்ளீட்டு முனையிலேயே சேர்ந்துவிடுவதால் தனிக் கூட்டற்சுற்று தேவையில்லை. வெளியே வருவது y. அதை 100 கிலோஓம் வழியாக இரண்டாம் சுற்றுக்குக் கொடுத்தால் −x வரும். மூன்றாவது ஆப்-ஆம்ப் குறிமாற்றி. அது தரும் x-ஐ முதல் சுற்றுக்குத் திருப்பி விடுகிறோம்.

இந்தக் குறிமாற்றிதான் பலர் கோட்டை விடும் இடம். அது இல்லாவிட்டால் விசை எடையை மீட்காமல் மேலும் தள்ளும். மின்னழுத்தம் ஆடாமல் ஒரே பக்கமாக ஏறி, வழங்கல் மின்னழுத்தத்தின் அருகே போய் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வளையத்திலும் குறி மாறும் இடங்களை எண்ணிப் பாருங்கள். இந்தச் சுற்றில் பெரிய வளையத்தில் மூன்று, தணிப்பு வளையத்தில் ஒன்று. இரண்டும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டாம் சுற்றின் வெளியீடு −5 வோல்ட்டாக இருக்கும்படி அதன் மின்தேக்கியை ஏற்றி, முதலாவதை வெறுமையாக்கி, சாவியைத் திறந்துவிட்டால் x ஆடத் தொடங்கும். சுமார் 0.32 வினாடியில் −3.65 வோல்ட், 0.63 வினாடியில் 2.66 வோல்ட் என்று ஆசிலோஸ்கோப்பில் தெரிய வேண்டும்.

சுற்றின் தரத்தைச் சோதிக்க 500 கிலோஓம் மின்தடையைக் கழற்றிவிட்டு, x-ஐயும் y-ஐயும் ஆசிலோஸ்கோப்பின் இரு அச்சுகளில் கொடுங்கள். தணிப்பு போய்விட்டதால் திரையில் வட்டம் வர வேண்டும். வட்டம் உள்நோக்கிச் சுருங்கினால் பெரும்பாலும் மின்தேக்கி கசிகிறது. மின்னாற்பகு மின்தேக்கியை எடுத்துவிட்டுப் பாலிப்ரோப்பிலீன் வகையைப் போடுங்கள். வட்டம் முட்டை வடிவமானால் இரு தொகையீட்டுச் சுற்றுகளின் RC மதிப்புகளும் ஒத்துப்போகவில்லை.