தோள்வலி: விவரிப்பைக் கொண்டு வகையறிதல்

தோள்வலி என்பது தோள்பட்டையிலும் மேற்கையிலும் உணரப்படும் வலியைக் குறிக்கும் பொதுச்சொல் ஆகும். இவ்வலி தசை, தசைநாண், மூட்டு, நரம்பு ஆகிய நான்கில் எதிலிருந்தும் வரலாம். நோயாளி தன் வலியை விவரிக்கும் விதத்தைக் கொண்டே, படம் எடுக்கும் முன்னர், மருத்துவர்கள் பெரும்பாலும் அதன் மூலத்தை ஊகிக்கின்றனர்.

"நரம்பு" என்ற சொல்

பேச்சுத் தமிழில் இச்சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு" என்பர். புறங்கையில் புடைத்துத் தெரியும் சிரைகளும் நரம்பு எனப்படுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் அதே பெயர்தான். ஆகவே நோயாளி "நரம்பு வலி" என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. வலி எங்கே, எப்படிப்பட்டது, எதைச் செய்தால் கூடுகிறது என்று கேட்க வேண்டியுள்ளது.

நான்கு வகை விவரிப்புகள்

தசைவலி உள்ளவர் உள்ளங்கையால் அகலமாகத் தடவிக் காட்டுவார். கடுப்பு, உளைச்சல், பிடிப்பு போன்ற சொற்களைப் பயன்படுத்துவார். அழுத்தினால் வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். பழக்கமில்லாத வேலை செய்தவருக்கு வலி அன்றே உச்சத்தை எட்டுவதில்லை. 1 முதல் 3 நாட்களுக்குள் கூடிப் பின்னர் தணியும்.

தசைநாண் வலி குறிப்பிட்ட அசைவில் சுருக்கென வரும். தோளில் அடிக்கடி பாதிக்கப்படுவது, கையைப் பக்கவாட்டில் உயர்த்த உதவும் தசைநாண். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறக்குறைய 60 பாகையில் வலி தொடங்கி, 120 பாகையைத் தாண்டியதும் குறையும். வேறொருவர் கையைத் தாங்கி உயர்த்தினால் வலி பெரும்பாலும் குறைவு, கையும் மேலே போகும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

மூட்டுவலி "உள்ளே ஆழத்தில்" இருப்பதாகச் சொல்லப்படும். அதோடு இறுக்கமும் சேர்ந்து வரும். தானாக அசைத்தாலும் பிறர் அசைத்தாலும் மூட்டு ஓரிடத்தில் நின்றுவிடும். தசைநாண் வலியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முக்கிய அடையாளம் இதுவே.

நரம்பு வலிக்குரிய சொற்கள் வேறு: எரிச்சல், சுளீர், மின்சாரம் பாய்வது போல, எறும்பு ஊர்வது போல, மரத்துப்போதல். நோயாளி ஒரே விரலால் கழுத்திலிருந்து கைவிரல் வரை கோடு இழுத்துக் காட்டுவார். கழுத்தின் 6ஆவது நரம்பு வேர் அழுந்தினால் பெருவிரல் பக்கமும், 7ஆவது வேர் அழுந்தினால் நடுவிரலும் மரத்துப்போவது வழக்கம். இவர்களில் சிலருக்குக் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறையும். தோள்மூட்டு கெட்டவரால் அப்படி வைக்கவே முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு

நீரிழிவு உள்ள 52 வயதுப் பெண் ஒருவர் 4 மாதங்களாக வலது தோளில் "நரம்பு இழுக்குது" என்கிறார் எனக் கொள்வோம். வலியைக் காட்டச் சொன்னால் மேற்கையின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் பொத்திக் காட்டுகிறார். முழங்கைக்குக் கீழே வலி இறங்கவில்லை, மரப்பும் இல்லை, கழுத்தைத் திருப்பினால் மாற்றமும் இல்லை. எனவே அவர் சொன்ன சொல்லுக்கு மாறாக, நரம்பு காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது.

அடுத்து, பின்னல் போட முடியவில்லை, முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை என்கிறார். இது தசைநாண் கோளாறிலும் வரக்கூடியது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் மருத்துவரே திருப்பிப் பார்க்கிறார். இடக்கை எளிதாகத் திரும்புகிறது. வலக்கை சிறிதளவே திரும்பி நின்றுவிடுகிறது. பிறர் அசைத்தும் அசையாததால் இது மூட்டின் இறுக்கம். மூட்டுத் தேய்மானத்திலும் இதே தடை வரலாம் என்பதால் எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் குறை ஒன்றும் தெரியாவிட்டால், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கும் "உறைந்த தோள்" என்ற முடிவுக்கு வரலாம். இது நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

வேறுபாடு தெரிவதால் சிகிச்சையும் மாறுகிறது. இவருக்கு நரம்பு என எண்ணிக் கழுத்துப்பட்டை போடுவதால் பயனில்லை. சுளுக்கு என்று கருதி முரட்டுத்தனமாக இழுத்து உருவினால் வலி மிகும். வலி தாங்கும் அளவுக்குள் மெல்லிய பயிற்சியே ஏற்றது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரும் என்பதால் அதைக் கவனிக்க வேண்டும். குணமாக 1 முதல் 3 ஆண்டுகள் வரை ஆகலாம்.

வரம்புகள்

ஒருவருக்கே இரண்டு வகை வலிகள் கலந்திருக்கலாம். கழுத்து நரம்பு அழுந்தியவரின் தோள்தசை இறுகிக் கடுப்பதும் உண்டு. கை பலமிழந்து பொருள்களை நழுவவிட்டால், அல்லது காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தால், தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். தோளை எப்படி அசைத்தாலும் கூடாமலும் குறையாமலும் இருக்கும் வலி, தோளில் தோன்றியதாகவே இல்லாமல் இருக்கலாம். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாக உணரப்படுவதுண்டு. மாரடைப்பின் வலி தோளிலும் கையிலும், பெரும்பாலும் இடப்பக்கத்தில், பரவும். நடந்தால் கூடி, நின்றால் குறையும் வலியும், வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் ஆகியவற்றோடு வரும் வலியும் இதயத்தைச் சுட்டுபவை. வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வந்தால் 108 ஆம்புலன்சை உடனே அழைக்க வேண்டும்.