நாலு நிமிடப் படபடப்பு வாட்சில் ஏன் விழவில்லை?

"வாட்சில் பார்த்தேன் டாக்டர், எல்லாம் நார்மலாத்தான் காட்டுது. ஆனா நெஞ்சு மட்டும் அப்படி அடிச்சுக்கிச்சு." இதய மருத்துவர்களிடம் இப்படிச் சொல்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். வாட்ச் காட்டவில்லை என்றால் அது மனப்பிரமை என்று வீட்டில் இருப்பவர்களும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். படபடப்பு நடந்த அந்த நேரத்தில் வாட்ச் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

வாட்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு ரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது, அடுத்த கணம் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு 72 என்றோ 80 என்றோ வாட்ச் சொல்கிறது. விளக்கை எரிக்கவும் கணக்குப் போடவும் மின்சாரம் வேண்டும். கட்டைவிரல் அகல பேட்டரியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதைச் செய்தால் சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் பல வாட்சுகள் விட்டுவிட்டுத்தான் பார்க்கின்றன.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும். ஷியோமி பேண்டுகளில் 1 நிமிடம், 10 நிமிடம், 30 நிமிடம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். சாம்சங் வாட்சில் Measure continuously என்று ஒன்று, அசையாமல் இருக்கும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இன்னொன்று, நாமாகத் தொட்டால் மட்டும் பார்ப்பது என்று மூன்றாவது. ஆப்பிள் வாட்சில் இப்படி இடைவெளி குறிக்கும் வசதி இல்லை. உடற்பயிற்சியை ஆரம்பித்தால் தொடர்ந்து அளக்கும். மற்ற நேரங்களில் நாம் அசையாமல் இருக்கும் சமயம் பார்த்து, அதுவாகவே ஏதோ ஓர் இடைவெளியில் அளந்துகொள்ளும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு பெண்மணி, சாதாரணமாக நாடி 72. மாலை 4.12-க்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே நாடி திடீரென்று 175-க்கு ஏறுகிறது. 4.16-க்குப் பட்டென்று நின்று பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஸ்விட்ச் போட்டு அணைத்த மாதிரி வந்துபோகும் இந்த வகைப் படபடப்பை மருத்துவர்கள் எஸ்.வி.டி. என்பார்கள். இதயத்தின் மேலறைப் பகுதியில் மின்னோட்டம் குறுக்கு வழியில் சுற்றிச் சுற்றி வருவதுதான் பெரும்பாலும் காரணம்.

அவருடைய வாட்ச் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிறது என்று வையுங்கள். 4.10-க்கு அளந்தது, 72. அடுத்து 4.20-க்கு அளந்தது, 74. வரைபடம் இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்துவிடும். பார்ப்பவருக்கு அந்தப் பத்து நிமிடமும் நாடி சீராக ஓடியதுபோலத் தோன்றும். டவுன் பஸ்ஸில் செக்கிங் ஏறாத இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் டிக்கெட் எடுக்காமல் ஏறி இறங்கியவனைப் போல அந்த 175 தப்பித்துவிட்டது. இதே நாலு நிமிடப் படபடப்பு பத்து முறை வந்தால் ஏறக்குறைய நாலு முறைதான் சிக்கும். இடைவெளி 30 நிமிடமாக இருந்தால் முப்பது முறையில் நாலு.

சரி, தொடர்ந்து அளக்கும் வாட்ச் என்றால் தப்பாதே என்று தோன்றும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. அளந்ததை எல்லாம் அப்படியே திரையில் காட்டினால் கோடு கன்னாபின்னாவென்று துள்ளும். அதனால் ஆப்கள் சில நிமிடங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து வரைகின்றன. 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்றால் நம் பெண்மணியின் கதை என்னவாகும்? 4.10 முதல் 4.15 வரையில் இரண்டு நிமிடம் 72, மூன்று நிமிடம் 175, சராசரி 134. அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு நிமிடம்தான் 175, சராசரி 93. வரைபடத்தில் 134, 93 என்று இரண்டு புள்ளிகள் நிற்கும். 175 எங்கேயுமே இல்லை! மாடிப்படி ஏறியிருப்பார் என்று பார்ப்பவர் கடந்துபோவார். படபடப்பு 40 விநாடிதான் என்றால் அந்தப் புள்ளி வெறும் 86-ல் நிற்கும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

சராசரிக்கு முன்னாலேயே இன்னொரு வடிகட்டல் நடக்கிறது. கை ஆடினாலோ, வார் தளர்ந்தாலோ ஒளி கண்டபடி மாறும். ஆகவே எண் திடீரென்று தாவினால் அதை உடனே நம்பக் கூடாது என்று வாட்சுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சில விநாடிகள் அது நிலைத்து நின்றால்தான் ஏற்றுக்கொள்ளும். பொய் எண்களை விரட்ட இது அவசியம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து விநாடி நிஜத் துள்ளலையும் இது பொய்யென்றே தள்ளிவிடக்கூடும். போதாக்குறைக்கு, இதயம் மிக வேகமாக ஓடும்போது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவு. மணிக்கட்டில் அலை பலவீனமாகி, சில துடிப்புகள் எண்ணிக்கையில் விட்டுப்போகலாம்.

"எச்சரிக்கை வருமே" என்பவர்களுக்கும் ஒரு தகவல். ஆப்பிள் வாட்சின் அதிகத் துடிப்பு எச்சரிக்கை, நாம் அசையாமல் இருப்பதாகத் தெரியும் 10 நிமிடக் காலத்தில் நாடி நாம் குறித்த எல்லைக்கு மேலேயே இருந்தால் வருவது. நாலு நிமிடத்தில் முடிந்துபோன 175-க்கு அது வாய் திறக்காது.

பேட்டரி சேவர்தான் இதில் பெரிய ஓட்டை. ஆப்பிள் வாட்சில் சார்ஜ் 10 சதவீதத்துக்கு இறங்கினால் Low Power Mode போடலாமா என்று கேட்கும். சரி என்று தட்டினால் பின்னணி நாடி அளவீடும் துடிப்பு எச்சரிக்கைகளும் நின்றுவிடும். மறுபடி 80 சதவீதம் சார்ஜ் ஏறும்வரை, நாமாக அணைக்காவிட்டால், அப்படியே கிடக்கும். ராத்திரி தட்டிவிட்டு மறந்தால் விடியும்வரை வாட்ச் கையில் வெறும் கடிகாரம்தான்.

உங்கள் வாட்ச் எப்போது பார்த்தது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. ஐபோனில் ஹெல்த் ஆப்பைத் திறந்து, இதயத்துடிப்புப் பக்கத்தின் கடைசியில் Show All Data என்பதைத் தட்டுங்கள். ஒவ்வொரு அளவும் நேரத்தோடு வரிசையாக இருக்கும். 4.10-க்கு அடுத்த வரி 4.20 என்றால் நடுவில் அளவே இல்லை. மற்ற ஆப்களில் வரைபடத்தை நாள் அளவிலிருந்து மணி அளவுக்கு விரித்துப் பார்க்க முடிந்தால், புள்ளிகளுக்கு இடையிலான தூரமே விஷயத்தைச் சொல்லிவிடும்.

படபடப்பு அடிக்கடி வருகிறவர்கள் தொடர் அளவீட்டைப் போட்டுவைப்பது நல்லது. சார்ஜ் ஒரு நாள் முன்னதாகத் தீர்ந்தால் தீரட்டும். படபடப்பு ஆரம்பித்ததும் வாட்சில் ஏதாவதொரு உடற்பயிற்சியை ஸ்டார்ட் செய்துவிட்டு உட்கார்ந்திருங்கள். வாட்ச் தொடர்ந்து அளக்கத் தொடங்கும். ஈ.சி.ஜி. வசதி உள்ள வாட்ச் என்றால் இன்னும் உத்தமம். 30 விநாடி விரல் வைத்து எடுக்கும் அந்தப் பதிவு துடிப்பின் மின்னோட்டத்தையே காட்டும். அதைச் சேமித்து மருத்துவரிடம் காட்டலாம்.

வாட்சில் எதுவும் சிக்கவில்லை என்றாலும், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, படிப்படியாக அடங்கியதா பட்டென்று நின்றதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் நெஞ்சில் ஒட்டும் ஹோல்டர் மானிட்டர் எழுதித் தருவார். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ ஒரு துடிப்பு விடாமல் பதிவாகும். மாதத்துக்கு ஒருமுறை வருகிற படபடப்பு என்றால் அதைவிட நீண்ட நாள் ஒட்டியிருக்கும் கருவி தேவைப்படலாம். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.