உங்களுக்குத் தெரியுமா? நெல்லா, மணிலாவா?

விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல்லும் வரும், மணிலா எனும் நிலக்கடலையும் வரும். ஒன்றிய அரசின் ஆதார விலை 2013-14இல் குவிண்டாலுக்குச் சாதாரண நெல் ரூ.1,310, மணிலா ரூ.4,000. 2023-24இல் அவை ரூ.2,183, ரூ.6,377.

ரூபாயில் பார்த்தால் மணிலா 2,377 கூடியது, நெல் வெறும் 873. மணிலாவுக்கே யோகம் என்று தோன்றும். இரண்டின் தொடக்க விலையையும் 100 என்று வையுங்கள்: கடைசி விலையைத் தொடக்க விலையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் நெல் 167, மணிலா 159. வேகமாக ஏறியது நெல்தான்!

ஆனால் தொடக்க ஆண்டில் சூட்சுமம் உண்டு. 2014-15இல் நெல் ரூ.1,360 ஆனது, மணிலா அசையவில்லை. அங்கிருந்து கணக்கிட்டால் நெல் 161, மணிலா அதே 159. இடைவெளி ஏறக்குறையக் காணாமல் போகிறது.