கடன் கொப்பியிலிருந்து எக்செலுக்கு: வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆறு வார இரவு வகுப்பு

எமது ஊர்களில் கணினி வகுப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் அநேகமானவை சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. சில்லறைக் கடை வைத்திருப்பவர், தையல் கடை நடத்தும் சகோதரி, பள்ளிவாசல் சந்தா சேர்ப்பவர், ஜனாஸா சங்கத்தின் பொருளாளர் போன்றோர் அங்கு போனால், கட்டம் போடவும் நிறம் தீட்டவும் படித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த நாள் இரவு கடையை மூடும்போது மீண்டும் கல்குலேட்டரையும் கொப்பியையும்தான் எடுக்கிறார்கள்.

பாடசாலை ஆசிரியர் என்ற வகையில், கணினியைத் தொட்டே பார்க்காத வேலை செய்பவர்களுக்காக நான் அமைத்திருக்கும் பாடத்திட்டத்தை இங்கு விளக்குகிறேன். ஆறு வாரங்கள், வாரத்தில் இரண்டு நாட்கள், இஷாவுக்குப் பிறகு எட்டு மணி முதல் ஒன்பதரை வரை. மொத்தம் 18 மணித்தியாலங்கள். இந்த நேரத்தில் எக்செல் முழுவதையும் படிப்பிக்க முடியாது. ஆகவே ஒரேயொரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: கடையின் கடன் கொப்பியை விரிதாளுக்கு மாற்றி, யார் எவ்வளவு தரவேண்டும் என்பதைப் பிழையில்லாமல் எடுப்பது.

முதலாம் வாரம்: ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு நிரை

முதல் நாள் பாதி நேரம் கணினியைத் திறப்பதில்லை. கடன் கொப்பியின் இரண்டு பக்கங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்து, அதைத் தாளில் நான்கு நிரல்களாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். கொப்பியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பக்கம் இருக்கும். விரிதாளில் அப்படிச் செய்தால் பின்னர் கூட்டவும் தேடவும் முடியாமல் போகும். எல்லோருடைய கணக்கும் ஒரே தாளில், நடந்த ஒழுங்கில், ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும்.

இங்குதான் எமது பெயர்களின் சிக்கல் வருகிறது. ஒரே ஆளைக் கொப்பியில் ஒரு நாள் ‘முஹம்மத் ரிஸ்வான்’ என்றும், இன்னொரு நாள் ‘மொஹமட் றிஸ்வான்’ என்றும், அவசரத்தில் ‘ரிஸ்வான் நானா’ என்றும் எழுதியிருப்போம். எமக்கு அது ஒரு மனிதர். கணினிக்கு மூன்று பேர். ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, பெயரை வேறொரு பட்டியலில் ஒரே தடவை மட்டும் எழுதி வைக்கிறோம். வகுப்பில் நாம் பயன்படுத்தும் மாதிரி இது:

```
    A            B     C      D
1   திகதி         இல.   கடன்    வரவு
2   2025-06-02   103   2400
3   2025-06-02   101   1850
4   2025-06-03   102    960
5   2025-06-04   101          1000
6   2025-06-05   101    640
7   2025-06-06   102           500
```

ஆறே ஆறு நிரைகள். இதைத் தட்டச்சு செய்ய முதல் வாரத்தில் சிலருக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதற்காக அவசரப்படுத்துவதில்லை. சுட்டியைப் பிடிக்கவும் சரியான கலத்தில் நிற்கவும் கை பழகுவதற்கான வாரம் இதுதான்.

இரண்டாம் வாரம்: இலக்கமா, எழுத்தா?

கூட்டுவதற்கான சூத்திரம் இலகுவானது:

```
=SUM(C2:C100)
=SUM(D2:D100)
```

எமது மாதிரியில் கடன் 5850, வரவு 1500 என்று வரும். ஆனால் காசை எழுதும்போது பின்னால் ஒரு கோடு போடுவது எமது பழக்கம். யாராவது கடைசி வரவை 500/- என்று தட்டச்சு செய்தால் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். SUM அதை விட்டுவிட்டு மிகுதியைக் கூட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. வரவு 1500 அல்ல, 1000 என்று காட்டும். 102ஆம் இலக்கக்காரர் தந்த ஐந்நூறு ரூபா காணாமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளைப் பழக்குகிறேன். ஒன்று கண்ணால் பார்ப்பது. நாமாக மாற்றாவிட்டால் இலக்கங்கள் கலத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டியிருக்கும். அதனால்தான் முதல் நான்கு வாரங்களும் எதையும் நடுவில் கொண்டுவர வேண்டாம் என்று சொல்கிறேன். மற்ற வழி இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிடுவது:

```
=COUNT(D2:D100)
=COUNTA(D2:D100)
```

முதலாவது இலக்கங்களை மட்டும் எண்ணும். இரண்டாவது வெறுமையாக இல்லாத எல்லாக் கலங்களையும் எண்ணும். இரண்டும் சமமாக இருக்கவேண்டும். சமமில்லை, ஆனாலும் எழுத்து ஒன்றும் கண்ணில் படவில்லை என்றால், யாரோ ஒரு கலத்தை அழிப்பதற்கு Delete விசைக்குப் பதிலாக இடைவெளி விசையை அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

திகதியிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கணினியில் 05/06/2025 என்று எழுதினால் அது மே 6 ஆகிவிடும். 13/06/2025 என்று எழுதினால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்றுவிடும். ஒரே நிரலில் சில திகதிகள் வலத்திலும் சில இடத்திலும் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2025-06-13 என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

மூன்றாம் வாரம்: ஒழுங்குபடுத்தல், வடிகட்டல்

இந்த வாரத்தில் ஒரு வாடிக்கையாளரின் நிரைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கவும், திகதிப்படி ஒழுங்குபடுத்தவும் பழகுகிறோம். இங்குள்ள ஆபத்து ஒன்றுதான். B நிரலை மட்டும் தெரிவுசெய்து ஒழுங்குபடுத்தினால், இலக்கங்கள் இடம் மாறும், தொகைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருவருடைய கடன் இன்னொருவருடைய தலையில் விழும். எக்செல் அந்த நேரத்தில் ஓர் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். அதில் Expand the selection என்பதையே தெரிவுசெய்ய வேண்டும். அதைவிடப் பாதுகாப்பானது, எந்த நிரலையும் முழுதாகத் தெரிவுசெய்யாமல், தரவுக்குள் ஒரு கலத்தில் மட்டும் நின்றுகொண்டு ஒழுங்குபடுத்துவது. அதற்கு முன்னர் கோப்பை அன்றைய திகதியோடு வேறொரு பெயரில் சேமித்துக்கொள்வதையும் இந்த வாரத்தில் பழக்கமாக்குகிறோம்.

நான்காம் வாரம்: ஒவ்வொருவரும் தரவேண்டிய தொகை

இப்போது G2, G3, G4 கலங்களில் 101, 102, 103 என்று எழுதுகிறோம். H2இல் இந்தச் சூத்திரம் வருகிறது:

```
=SUMIF(B2:B7,G2,C2:C7)-SUMIF(B2:B7,G2,D2:D7)
```

‘B நிரலில் இந்த இலக்கம் உள்ள நிரைகளின் கடனைக் கூட்டு, அதிலிருந்து அவருடைய வரவைக் கழி’ என்பதே இதன் பொருள். 101க்கு 1490 என்று வரும். கொப்பியிலும் அதுதான்: 1850உம் 640உம் சேர்ந்து 2490, அதில் தந்தது 1000.

பிறகு இதைக் கீழே இழுத்துப் பிரதி செய்யச் சொல்கிறேன். 102க்கு 460 வருகிறது, அதுவும் சரி. ஆனால் 103க்கு 0 வருகிறது. அவர் தரவேண்டியது 2400 ரூபா.

வகுப்பில் இந்த இடத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. H4 கலத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். அங்கே B2:B7 என்பது B4:B9 ஆகியிருக்கும். ஒரு கலம் கீழே இழுக்கும்போது சூத்திரத்தில் உள்ள முகவரிகளும் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன. G2 என்பது G4 ஆக மாறியது எமக்கு வேண்டியதுதான். ஆனால் தரவின் எல்லையும் சேர்ந்து இறங்கியதால், இரண்டாம் நிரையில் இருந்த 103இன் கடன் வெளியே போய்விட்டது. நகரக்கூடாத முகவரிக்கு டொலர் குறி போடவேண்டும்:

```
=SUMIF($B$2:$B$100,G2,$C$2:$C$100)
-SUMIF($B$2:$B$100,G2,$D$2:$D$100)
```

இரண்டு வரிகளையும் ஒரே கலத்தில் தொடர்ந்து எழுத வேண்டும். டொலர் குறி எதற்கு என்று முதலில் விளக்கிவிட்டுப் பிறகு உதாரணம் காட்டினால் வளர்ந்தவர்களுக்கு அது மனதில் நிற்பதில்லை. 2400 ரூபா காணாமல் போவதைப் பார்த்த பிறகு சொன்னால் நிற்கிறது.

ஐந்தாம் வாரம்: பிழையை எப்படி அறிவது?

கடையில் முந்நூறு நிரைகள் இருக்கும்போது எதையும் கண்ணால் சரிபார்க்க முடியாது. ஆகவே ஒரு சோதனை வைக்கிறோம். எல்லோரும் தரவேண்டிய நிலுவைகளின் கூட்டுத்தொகை, மொத்தக் கடனிலிருந்து மொத்த வரவைக் கழித்தால் வருவதற்குச் சமமாக இருக்கவேண்டும். எமது மாதிரியில் 1490, 460, 2400 சேர்ந்து 4350. மறுபக்கம் 5850இலிருந்து 1500ஐக் கழித்தாலும் 4350. டொலர் குறி போடாத தாளில் நிலுவைகளின் கூட்டுத்தொகை 1950தான். குறைகின்ற 2400 எந்த ஆளுடையது என்பதை அந்தத் தொகையே காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலில் இல்லாத இலக்கம் ஒன்றைத் தட்டச்சு செய்திருந்தாலும் இந்தச் சோதனையில் பிடிபடும்.

ஆனால் இந்தச் சோதனை 500/- பிழையைப் பிடிக்காது. SUM, SUMIF இரண்டுமே அந்தக் கலத்தை விட்டுவிடுவதால் இரு பக்கமும் 4850 என்று சமமாக வந்து எம்மை ஏமாற்றும். அதற்கு இரண்டாம் வாரத்து எண்ணிக்கைச் சோதனை வேண்டும். 101க்குப் பதிலாக 102 என்று எழுதிய பிழையை இரண்டு சோதனைகளாலும் பிடிக்க முடியாது. அதற்குக் கொப்பியோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதை ஒவ்வொருவரும் தமது வாயால் சொல்லும்வரை இந்த வாரம் முடிவதில்லை.

ஆறாம் வாரம்: சொந்தக் கொப்பி

கடைசி வாரத்தில் அவரவர் தமது கொப்பியைக் கொண்டுவருகிறார்கள். சந்தா சேர்ப்பவருக்கு ‘கடன்’ என்பது ‘தரவேண்டிய சந்தா’ ஆகிறது. தையல் கடைக்கு அது தைத்துக் கொடுத்த கூலி. நிரல்களின் தலைப்புத்தான் மாறுகிறது, தாளின் அமைப்பு மாறுவதில்லை. எக்செல் வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் கல்க் மென்பொருளைப் பயன்படுத்தலாம். இங்கு சொன்ன சூத்திரங்கள் அதிலும் இப்படியே வேலை செய்கின்றன.

இந்த வகுப்பை உங்கள் ஊரில் நடத்த விரும்புபவர்கள் இரண்டு விடயங்களைக் கவனத்திற் கொள்ளவும். ஒரு கணினிக்கு இருவருக்கு மேல் வேண்டாம், மூன்றாமவர் பார்வையாளராகவே இருந்துவிடுவார். அடுத்தது, வகுப்பு முடிந்தவுடன் கொப்பியைத் தூக்கிப் போட விடவேண்டாம். குறைந்தது ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து எழுதி, மாத முடிவில் ஒவ்வொருவருடைய நிலுவையும் கொப்பியோடு ஒத்துப்போன பிறகே தாளை மட்டும் நம்பலாம். கடன் என்பது இரண்டு பேருக்கிடையிலான அமானிதம். ஐந்நூறு ரூபாவைத் தந்துவிட்ட ஒருவரிடம் ‘நீங்கள் இன்னும் தரவில்லை, கணினி காட்டுகிறது’ என்று சொல்ல நேர்ந்தால், அந்தக் கலத்தைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அவருடைய மனதைத் திருத்த அவ்வளவு இலகுவில் முடியாது.