விரலுக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டர்?

செல்போன் கடையில் விற்பனையாளர் எடுத்த எடுப்பிலேயே சொல்வது, "சார், இது 120 ஹெர்ட்ஸ்." பெட்டியிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். திரை ஒரு நொடிக்கு 120 முறை, அதாவது 8.3 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, புதுப் படம் காட்டுகிறது என்பது அதன் பொருள். அது சரியான தகவல்தான். ஆனால் நீங்கள் விரலை நகர்த்தியதற்கும் அந்த நகர்வு திரையில் தெரிவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அந்த எண் சொல்லாது. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்பது வேறு. ஏறியவர் ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு. இந்த இரண்டாவது கணக்குதான் தொடு தாமதம். திரை விரலோடு ஒட்டி வருகிறதா, சவ்வு மாதிரி இழுபடுகிறதா என்று நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

ஒரு 120 ஹெர்ட்ஸ் ஆண்ட்ராய்டு போனில் விரல் நகர்ந்ததும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தொடு உணரியை ஒரு சின்ன சிப் ஓயாமல் படித்துக்கொண்டிருக்கிறது. நொடிக்கு 240 முறை படித்தால், நகர்வு அதன் கண்ணில் பட அதிகபட்சம் 4 மில்லிசெகண்டு ஆகும். மின் இரைச்சலால் கோடு நெளியக்கூடாது என்பதற்காக முந்தைய சில வாசிப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதும் உண்டு. அதில் இன்னும் சில மில்லிசெகண்டு போகும். பிறகு தகவல் ஆப்புக்கு வரும். ஆப் உடனே வரையாது. அடுத்த படத்தின் முறை வரும்வரை காத்திருக்கும். வரைவதற்கு ஒரு படத்தின் நேரம் வேண்டும். மேல்பட்டை, கீழ்ப்பட்டை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்க ஆண்ட்ராய்டுக்கு இன்னொரு படத்தின் நேரம் வேண்டும். கடைசியாகத் திரை மேலிருந்து கீழாக வரி வரியாக மாறும். எங்கும் தடங்கல் இல்லாவிட்டால் மொத்தம் ஏறத்தாழ 30 மில்லிசெகண்டு. இதே பாதை 60 ஹெர்ட்ஸில் என்றால் 55 வரை போகும்.

ஆக, 120 ஹெர்ட்ஸ் உதவத்தான் செய்கிறது. ஆனால் ஆப் ஒரு முறையைத் தவறவிட்டால் கூடுதலாக 8 மில்லிசெகண்டு. படம் விட்டுவிட்டு ஓடாமல் இருக்க ஒரு படத்தை முன்கூட்டியே சேமித்து வைத்தால் இன்னொரு 8. சராசரி எடுக்கும் வேலையைச் சிப் அளவுக்கு மீறிச் செய்தால் அதற்கும் மேலே. பெட்டியில் ஒரே எண் இருக்கும் இரண்டு போன்களில் ஒன்று விரலோடு வருவதும், மற்றது பின்தங்குவதும் இப்படித்தான்.

சில விளம்பரங்களில் 'தொடு சாம்பிளிங் 480 ஹெர்ட்ஸ்' என்று இருக்கும். அந்த எண், சிப் எத்தனை முறை படிக்கிறது என்பதை மட்டும் குறிக்கிறது. 240-லிருந்து 480-க்குப் போனால் முதல் கட்டத்தில் மிச்சமாவது சராசரியாக ஒரு மில்லிசெகண்டு, அதிகபட்சம் இரண்டு. மீதிப் பாதை அப்படியே இருக்கிறது. பல போன்களில் இந்த வேகம் கேம் விளையாடும்போது மட்டுமே வரும். இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மனிதனால் எவ்வளவு தாமதத்தை உணர முடியும்? 2012-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பால் டீட்ஸ் ஒரு செய்முறை காட்டினார். விரலால் இழுக்கும் வெள்ளைச் சதுரம் 100 மில்லிசெகண்டில் வெகு தூரம் பின்தங்கியது. 1 மில்லிசெகண்டில் விரலோடு ஒட்டிக்கொண்டது. 2015-ல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வின்படி, திரையில் ஒன்றை இழுக்கும்போது சுமார் 11 மில்லிசெகண்டு தாமதத்தையே மக்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தட்டும்போது அது 69 வரை போகிறது. காரணம் எளிது. இழுக்கும்போது விரலும் பொருளும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே இருப்பதால் தாமதம் தூரமாக மாறித் தெரிகிறது.

கடையில் பெரும்பாலோர் செய்வது தட்டிப் பார்ப்பதுதான். ஐகானைத் தட்டுகிறார்கள், ஆப் சட்டென்று திறந்தால் "நல்ல ஸ்பீடு" என்கிறார்கள். அங்கே தெரிவது மெமரியின் வேகமும் அனிமேஷனின் நீளமும். விரலை எடுத்த பிறகுதான் ஆப் திறக்கவே தொடங்கும். இதை வைத்துத் தொடு தாமதத்தை எடைபோட முடியாது.

இழுத்துப் பாருங்கள். முகப்புத் திரையில் ஓர் ஐகானை அழுத்திப் பிடித்தால் அது விரலோடு கிளம்பும். அதைத் திரையின் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும், நொடிக்கு ஒரு முறை போய் வரும்படி ஒரே சீராக ஓட்டுங்கள். திரை 15 சென்டிமீட்டர் நீளம் என்றால் உங்கள் விரலின் வேகம் நொடிக்கு 30 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுத் தாமதமும் 3 மில்லிமீட்டர் இடைவெளியாகத் தெரியும். 30 மில்லிசெகண்டு போனில் ஐகான் 9 மில்லிமீட்டர்தான் பின்தங்கும். பாதி விரலுக்கு அடியிலேயே இருக்கும். 70 மில்லிசெகண்டு போனில் 21 மில்லிமீட்டர். ஐகான் விரலை விட்டு முழுசாக வெளியே வந்து துரத்திக்கொண்டு ஓடும். திரும்பும் முனையைக் கவனியுங்கள். விரல் திரும்பிய பிறகும் ஐகான் எதிர்த்திசையில் வந்துகொண்டே இருந்தால், அந்தப் போனில் தாமதம் அதிகம்.

குறிப்பு எழுதும் ஆப்பில் கோடு கிழித்தும் பார்க்கலாம். ஆனால் சில ஆப்கள் விரல் அடுத்து எங்கே போகும் என்று ஊகித்து முன்னாலேயே வரைந்துவிடும். விரலைச் சட்டென்று திருப்பினால் கோட்டின் நுனி ஒரு கணம் தாண்டிப் போய்த் திரும்பும். ஊகம் நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஒரே ஒரு போனை வைத்து முடிவுக்கு வராதீர்கள். "அண்ணே, அந்த ரெண்டையும் சார்ஜர்லேர்ந்து கழட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தரமில்லாத சார்ஜரின் மின் இரைச்சல் தொடு சிப்பைத் தடுமாற வைக்கும். பேட்டரி சேமிப்பு முறை ஓடினால் திரை 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கலாம். அதை அணைத்துவிட்டு, டிஸ்ப்ளே செட்டிங்கில் இரண்டையும் அதிக ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நாள் முழுக்க விளம்பர வீடியோ ஓடிச் சூடேறிய டெமோ போன் மந்தமாகத்தான் இருக்கும். தடித்த கண்ணாடி ஒட்டியிருந்தால் தொடுகையின் சமிக்ஞையே பலவீனமாகும்.

கண்ணை நம்ப முடியவில்லை என்றால் உங்கள் பழைய போனின் ஸ்லோ மோஷன் போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் முறையில் இந்த இழுவையைப் பிடியுங்கள். ஒவ்வொரு படமும் 4.2 மில்லிசெகண்டு. விரல் திரும்பிய படத்திலிருந்து ஐகான் திரும்பிய படம் வரை எண்ணுங்கள். ஒரு போனில் 8 படம் வந்தால் 33 மில்லிசெகண்டு. பக்கத்துப் போனில் 16 வந்தால் 67. இந்த வித்தியாசம் தினமும் கையில் உறுத்தும். 8-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அப்போது கேமராவையும் பேட்டரியையும் விலையையும் பார்த்து முடிவெடுக்கலாம்.