பூஜ்ஜியத்தைத் தொடாத வளைவு

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு படித்தவர்களுக்கு b² − 4ac மறந்திருக்காது. சமன்பாட்டுக்கு மூலங்கள் உண்டா, இல்லையா என்று சொல்லும் தன்மைகாட்டி அது. பதினோராம் வகுப்பிலும் நுழைவுத் தேர்வுகளிலும் அதே தன்மைகாட்டிக்கு வேறொரு வேலை வந்து சேர்கிறது. அங்கே மூலங்களைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். மூலமே இல்லாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: (k−2)x² + 2(k−2)x + 4 என்ற கோவை, x எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் மிகை எண்ணாகவே இருக்க வேண்டும், k-க்கு என்னென்ன மதிப்புகள் பொருந்தும்?

இங்கே இரண்டு எழுத்துகள் இருக்கின்றன; இரண்டுக்கும் ஒரே தகுதி இல்லை. k-யை நாம் ஒருமுறை தேர்ந்தெடுத்து நிறுத்திவிடுகிறோம். அதன்பின் x எங்கு வேண்டுமானாலும் ஓடலாம், கோடியைத் தாண்டியும் போகலாம், மைனஸ் பக்கமும் போகலாம். அத்தனை x-க்கும் விடை பூஜ்ஜியத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். x-க்கு எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து இதை உறுதி செய்ய முடியாது. எண்ணற்ற சோதனைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு சோதனை வேண்டும்.

அதற்கான வழி பழையது. ஸ்ரீதரர் என்ற கணித அறிஞர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க ஓர் உத்தி சொன்னார்: எல்லாவற்றையும் 4a-யால் பெருக்கு, பிறகு வர்க்கமாக மாற்று. அவருடைய இயற்கணித நூல் இன்று நம் கையில் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அந்த விதியை அவர் பெயரோடு எடுத்துச் சொன்னதால்தான் அது பிழைத்தது. அப்படிப் பெருக்கினால் கிடைப்பது இது:

4a(ax² + bx + c) = (2ax + b)² − (b² − 4ac)

வலப்பக்கத்தைக் கவனித்தால் எல்லாம் அங்கேயே இருக்கிறது. x இருப்பது அந்த வர்க்கத்துக்குள் மட்டும்தான். வர்க்கம் ஒருநாளும் குறை எண் ஆகாது; மிகக் கீழே போனால் பூஜ்ஜியம். அதுவும் 2ax + b = 0 ஆகும் ஒரே ஓர் இடத்தில். ஆகவே வலப்பக்கத்தின் மிகச் சிறிய மதிப்பு −(b² − 4ac). அது மிகையாக இருக்க வேண்டுமானால் தன்மைகாட்டி குறையாக இருக்க வேண்டும். a மிகை எண் என்றால் 4a-யும் மிகை. எனவே கோவையின் குறியும் வலப்பக்கத்தின் குறியும் ஒன்றே. a குறையாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை: x பெரிதாகப் பெரிதாகப் பரவளையம் கீழ்நோக்கிப் பாய்ந்துவிடும். ஆக நிபந்தனைகள் இரண்டு: a > 0, b² − 4ac < 0.

இரண்டாவதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். முதலாவதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். kx² + 4x + k என்ற கோவைக்குத் தன்மைகாட்டி 16 − 4k². அது குறை எண்ணாக வேண்டுமென்றால் k > 2 அல்லது k < −2. இரண்டையும் விடையாக எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். k = −3 வைத்து x = 0 போட்டால் கோவையின் மதிப்பு −3. தன்மைகாட்டி குறையாக இருப்பது வளைவு x அச்சைத் தொடவில்லை என்று மட்டுமே சொல்லும். மேலே நின்று தொடவில்லையா, கீழே நின்று தொடவில்லையா என்பதை a-யின் குறிதான் சொல்ல வேண்டும். விடை k > 2 மட்டுமே.

இனி முதல் கணக்கு. a = k − 2, b = 2(k − 2), c = 4. முதலில் k > 2 என்று வைத்துக்கொள்வோம். தன்மைகாட்டி 4(k−2)² − 16(k−2). பொதுக் காரணியை வெளியே எடுத்தால் 4(k−2)(k−6). k − 2 மிகை என்பதால் இது குறையாக வேண்டுமென்றால் k − 6 குறையாக வேண்டும். அதாவது 2 < k < 6.

இத்துடன் பேனாவை மூடிவிடலாமா? k = 2 என்றால் என்ன ஆகிறது என்று பார்க்கவில்லையே. அப்போது x² உள்ள உறுப்பும் x உள்ள உறுப்பும் சேர்ந்தே மறைந்துவிடுகின்றன; மிஞ்சுவது 4. அது எந்த x-க்கும் மிகைதான்! ஆகவே விடை 2 ≤ k < 6. கேள்வியில் ‘இருபடிக் கோவை’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் 2-ஐ விட்டுவிட வேண்டும், ஏனெனில் அங்கே அது இருபடியே இல்லை. தேர்வு வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வலை விரிப்பார்கள். k = 2-இல் x உறுப்பு மட்டும் மிஞ்சி ஒரு நேர்கோடு கிடைத்திருந்தால் கதை வேறு; சாய்ந்த கோடு எங்கோ ஓரிடத்தில் அச்சைக் கடந்தே தீரும்.

மறுமுனையான 6 ஏன் சேரவில்லை? இந்தக் கோவையை (k−2)(x+1)² + (6−k) என்றும் எழுதலாம். k > 2 ஆக இருக்கும்வரை வளைவின் அடிப்புள்ளி எப்போதும் x = −1-இல்தான்; அதன் உயரம் 6 − k. k = 5.9 என்றால் உயரம் 0.1. k = 6 என்றால் பூஜ்ஜியம், அதாவது வளைவு அச்சைத் தொட்டுவிட்டது. 6.1 என்றால் −0.1. ‘மிகை’ என்பதற்குப் பதிலாக ‘குறை அல்ல’ என்று கேள்வி மாறியிருந்தால் 6-ஐயும் சேர்க்கலாம்.

மேல் முனையில் தவறு இப்படிக் கண்ணுக்குத் தெரிந்தே நடக்கிறது. கீழ் முனையில் அது ஒளிந்துகொள்கிறது. k = 1.99 என்று வைத்து, கணினியிலோ கைபேசியிலோ x-ஐ −10 முதல் 10 வரை வரைந்து பார்க்கட்டும். திரையில் ஏறத்தாழ ஒரு படுத்த கோடு, அச்சுக்கு மேலே பத்திரமாகக் கிடக்கும்; x = 10-இல்கூட மதிப்பு 2.8. ‘எல்லாம் மிகைதான்’ என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் x = 20 போட்டால் −0.4. a வெறும் −0.01 என்பதால் வளைவு மிக மெதுவாகத்தான் கீழே திரும்புகிறது. படத்தை நம்பியவர் ஏமாறுவார். A-யின் குறியைப் பார்த்தவர் ஏமாற மாட்டார்.

இந்த முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. ‘எல்லா மெய்யெண்களுக்கும்’ என்ற சொற்கள் இருந்தால்தான் இது முழு விடை தரும். x² + kx + 1 எல்லா x-க்கும் மிகையாக இருக்க −2 < k < 2 வேண்டும். ஆனால் x ≥ 0 மட்டும் போதும் என்றால் நிலைமை மாறுகிறது. k = 5 வைத்தால் தன்மைகாட்டி 21; வளைவு அச்சை இரண்டு இடங்களில் வெட்டவே செய்கிறது. ஆனால் இரண்டும் பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம். வலப்பக்கத்தில் எந்த உறுப்பும் குறை எண் இல்லாததால் கூட்டுத்தொகை எப்போதும் மிகைதான். அந்தக் கேள்விக்கு விடை k > −2. தன்மைகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு போனவர் 2-இலிருந்து மேலே உள்ள அத்தனை மதிப்புகளையும் கோட்டைவிட்டிருப்பார்.

கையை நனைத்துப் பார்க்க விரும்பும் வாசகருக்கு ஒன்று: x² − 2kx + k + 6 எல்லா மெய்யெண்களுக்கும் மிகையாக இருக்க k என்னவாக இருக்க வேண்டும்? இங்கே a = 1 என்பதால் குறியைப் பற்றிய கவலை இல்லை. விடை −2 < k < 3.