பவுண்டில் சொன்ன எடையும் கிலோவில் கணக்கிடும் மருந்தும்

அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் எடை இரண்டு அளவுகளில் புழங்குகிறது. வீட்டில் உள்ள எடைக் கருவி பவுண்டில் காட்டுகிறது. தாயும் தகப்பனும் குழந்தையின் எடையைப் பவுண்டில்தான் சொல்கிறார்கள். மருந்தின் அளவோ, ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே மருந்து நூல்களில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே டோஸ் கணக்கைத் தொடங்கும் முன்பே ஒரு மாற்றுக் கணக்கு நடந்தாக வேண்டும். கணக்கு மிகச் சிறியதுதான். அது விடுபட்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் உடலில் ஏறிவிடும்.

ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 2.2 பவுண்டு. பவுண்டு எண்ணை 2.2 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 1959ஆம் ஆண்டு சர்வதேச உடன்பாட்டின்படி ஒரு பவுண்டு என்பது துல்லியமாக 0.45359237 கிலோ. அந்த எண்ணைக் கொண்டு பார்த்தாலும் 2.2 ஆல் வகுப்பதில் வரும் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்குதான். மருந்தளவில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பொருட்படுத்த வேண்டியது வகுத்தோமா, பெருக்கினோமா, அல்லது இரண்டும் செய்யாமல் விட்டோமா என்பதை.

மூன்று வயதுக் குழந்தை ஒன்று 33 பவுண்டு எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடுமையான நோய்த்தொற்று, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி தேவைப்படுகிறது. குழந்தைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகளில் ஒன்று, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 33ஐ 2.2 ஆல் வகுத்தால் 15 கிலோ. அதை 2.5 ஆல் பெருக்கினால் ஒரு வேளைக்கு 37.5 மில்லிகிராம். மருந்துக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 மில்லிகிராம் இருந்தால், சிரிஞ்சில் எடுக்க வேண்டியது 0.94 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டருக்கும் சற்றுக் குறைவு.

இப்போது 33 என்ற எண் அப்படியே 'கிலோ' என்ற கட்டத்தில் பதிவாகிவிட்டது என்று கொள்வோம். கணக்கு 82.5 மில்லிகிராம் என்று வரும்; சிரிஞ்சில் இரண்டு மில்லிலிட்டருக்குச் சற்று அதிகமாக ஏறும். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்கான ஜென்டாமைசின் குப்பியில் இருப்பது பெரும்பாலும் 80 மில்லிகிராம். பெரியவர்களுக்குக் கொடுத்துப் பழகிய கைக்கு 82.5 என்ற எண் விசித்திரமாகத் தோன்றாது. பெரியவருக்கான உச்ச அளவைத் தாண்டினால் மட்டும் எச்சரிக்கும் கணினியும் வாய் திறக்காது. எச்சரிக்கைகளையெல்லாம் தாண்டிப் போகும் அளவுக்கு இந்தத் தவறு 'நியாயமான' எண்ணாகவே இருக்கிறது.

ஜென்டாமைசின் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்படும். உட்காதில் ஒலியை உணரும் செல்களும் அழியக்கூடும். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். உட்காதின் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. போன செவித்திறன் போனதுதான். இதனால்தான் இம்மருந்து கொடுக்கும்போது இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை முடிவு கைக்கு வருவதற்குள் சில வேளை ஊசி போடப்பட்டிருக்கும்.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கும். ஏற்கெனவே கிலோவில் எழுதிய 15ஐப் பவுண்டு என்று எண்ணி இன்னொரு முறை 2.2 ஆல் வகுத்தால் 6.8 கிலோ ஆகிவிடும். மருந்து 17 மில்லிகிராமாகச் சுருங்கும். குழந்தைக்கு நஞ்சு ஏறாது, நோயும் தணியாது. வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டால் 33 பவுண்டு 72.6 கிலோ ஆகும்; இது சரியான எடையைப்போல் ஐந்து மடங்கை நெருங்குகிறது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு 72 கிலோ என்பது யார் கண்ணிலும் உடனே படும் என்பதால், மூன்று பிழைகளில் இதுவே பிடிபட எளிதானது.

பச்சிளங்குழந்தைகளின் எடையில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் அதைப் பவுண்டும் அவுன்ஸுமாகச் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ்; பத்து அல்ல, நூறும் அல்ல. 8 பவுண்டு 12 அவுன்ஸ் என்பதை 8.12 என்று எழுதுவது தவறு. 12ஐ 16 ஆல் வகுத்து 0.75 என்று கண்டு, 8.75 பவுண்டு என்று கொள்ள வேண்டும். அது ஏறக்குறைய 3.97 கிலோ. தவறாக எழுதினால் 3.68 கிலோ வரும். இதில் மருந்து இரட்டிப்பதில்லை, ஏழு விழுக்காடுதான் குறைகிறது. ஆனாலும் பிறந்த சில நாளில் அந்த வித்தியாசத்தையும் விட்டுவிடக் கூடாது.

இந்தப் பிழை பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில் பிறப்பதில்லை, எடை பார்க்கும் இடத்தில் பிறக்கிறது. பல மின்னணு எடைக் கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பவுண்டு கிலோவாகவும் கிலோ பவுண்டாகவும் மாறும். திரையின் ஓரத்தில் தெரியும் `lb`, `kg` என்ற சிறு எழுத்துகளை அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. எண் ஒருமுறை மருத்துவக் கோப்பில் ஏறிவிட்டால், மருத்துவரும் மருந்தாளுநரும் செவிலியரும் அதே எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மூவரும் தனித்தனியே கணக்குப் போட்டுச் சரிபார்த்தாலும் மூவருக்கும் ஒரே தவறான விடை வரும். இரண்டாவது ஆள் சரிபார்ப்பது பயன்பட வேண்டுமானால், அவர் எடையை முதலில் அளந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதைப் பிடிக்க எளிய வழிகள் இரண்டு. முதலாவது மனக்கணக்கு: பவுண்டு எண்ணைப் பாதியாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிலோ ஏறத்தாழ வந்துவிடும். 33இன் பாதி 16.5, அதில் 1.65 கழித்தால் 14.85. கிலோ எண் பவுண்டு எண்ணின் பாதிக்குச் சற்றுக் குறைவாக இல்லையென்றால் எங்கோ தவறு. இரண்டாவது, வயதோடு பொருத்திப் பார்ப்பது. 33 கிலோ என்பது ஏறக்குறைய பத்து வயதுப் பிள்ளையின் எடை. மூன்று வயதுக் குழந்தையின் படுக்கைச் சீட்டில் அந்த எண் இருந்தால் ஊசியை எடுக்கும் முன் குழந்தையை மறுபடி எடை பார்க்க வேண்டும். பெரியவர்களிடம் இந்த இரண்டாவது வழி அவ்வளவு உதவாது. 154 பவுண்டு எடையுள்ளவர் 70 கிலோதான். ஆனால் 154 கிலோ எடையுள்ளவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தேகம் வராது. ஆளை நேரில் பார்த்தால்தான் வரும்.

இவற்றையெல்லாம்விட உறுதியான தீர்வு, மாற்றுக் கணக்கே தேவைப்படாமல் செய்வது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், குழந்தைகளை எடைபார்ப்பதும் பதிவதும் கிலோவிலேயே நடக்க வேண்டும் என்று 2008இலேயே வலியுறுத்தியது. எடைக் கருவியைக் கிலோவில் பூட்டிவைப்பதும், கோப்பில் பவுண்டுக்கு இடமே இல்லாமல் செய்வதும் அதன் நடைமுறை வடிவங்கள். பெற்றோர் கேட்டால் பவுண்டைத் தனியே சொல்லலாம். அந்த எண் கோப்புக்குள் போகக் கூடாது.

தமிழ்நாட்டில் எடை கிலோவில்தான் பார்க்கப்படுகிறது என்பதால் இந்தச் சிக்கல் இங்கே அரிது. அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது அன்றாட விஷயம். குழந்தையின் எடையை மருத்துவமனையில் சொல்லும்போது எண்ணோடு நிறுத்தாமல் பவுண்டா கிலோவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்து கொடுக்கும் முன், எத்தனை கிலோ என்று வைத்து இந்த அளவைக் கணக்கிட்டீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.